சித்தப்பாவின் 14,906 மெயில்

திருச்சியில் சித்தப்பா ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவருடைய சொந்த ஜிமெயிலில்தான் நடக்கிறது. 2025 ஜூனில் ஒருநாள் ஆடிட்டர் போன் செய்து, இரண்டு வாரம் முன்பு கேட்ட வவுச்சர்கள் இன்னும் வரவில்லையே என்றார். அந்த மெயில் வந்துதான் இருந்தது. போனில் மெயில் ஆப்பின் மேல் சிவப்பு வட்டத்தில் 14,906 என்று நின்ற எண்ணிக்கைக்குள் அதுவும் ஒன்றாகக் கிடந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் போனபோது விஷயத்தைச் சொன்னார். "எல்லாத்தையும் படிச்சதா போட்டுடு தம்பி. ஒண்ணு ஒண்ணா திறந்து பார்க்க என்னால ஆகாது." இரண்டு நிபந்தனையும் போட்டார். எதையும் அழிக்கக் கூடாது. இந்த வருடம் வந்ததில் அவர் படிக்காமல் விட்டது மட்டும் படிக்காததாகவே நிற்க வேண்டும், அதை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்.

ஒன்று ஒன்றாகத் திறப்பது ஆகாது என்று அவர் சொன்னது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு மெயிலுக்கு மூன்று விநாடி என்று வைத்தாலும் 12 மணி நேரத்துக்கு மேல் போகும். தவிர, விளம்பர மெயிலைத் திறந்தால் அதிலுள்ள படங்கள் இறங்கும். அதை வைத்து, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், திறந்து பார்க்கிறார் என்று அனுப்பியவர் தெரிந்துகொள்ள முடியும். திறக்காமலே குறி போட்டால் அந்தத் தகவல் அவர்களுக்குப் போகாது.

படித்தது என்பது வெறும் கொடி

வேலையைத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இதில் இருந்துதான் கிளம்புகின்றன. ஒரு மெயிலை நாம் படித்தோமா என்பது சர்வருக்குத் தெரியாது. ஒவ்வொரு மெயிலின் மேலும் ஒரு சிறு கொடி இருக்கிறது. கொடி இருந்தால் எழுத்து மெலிதாகத் தெரியும், இல்லாவிட்டால் தடிமனாகத் தெரியும். அவ்வளவுதான். போனும் கணினியும் சர்வரோடு பேசும் ஐமேப் என்ற முறையில் அந்தக் கொடியின் பெயர் `\Seen`. மெயிலின் உள்ளடக்கத்தைத் தொடாமல் கொடியை மட்டும் நட்டுவிடலாம். திரைக்குப் பின்னால் அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
A1 SELECT INBOX
A2 UID SEARCH UNSEEN BEFORE 1-Jan-2025
A3 UID STORE 1204:1890,1893 +FLAGS.SILENT (\Seen)
```

முதல் வரி பெட்டியைத் திறக்கிறது. இரண்டாவது, 2025க்கு முன் வந்து கொடி இல்லாமல் இருப்பவற்றின் எண்களைக் கேட்கிறது. மூன்றாவது, அந்த எண்களுக்கெல்லாம் கொடி நடச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான மெயிலுக்கு ஒரே வரி போதும். இதை யாரும் கையால் தட்ட வேண்டியதில்லை, நாம் அழுத்தும் பொத்தான்களுக்குக் கீழே நடப்பது இதுதான் என்று காட்டவே எழுதினேன். இதில் பார்க்க வேண்டியது ஒன்று: கொடி மெயிலுக்கு மெயில் தனித்தனியானது. ஜிமெயில் திரையில் நாம் பார்ப்பதோ பெரும்பாலும் தனி மெயில் அல்ல, உரையாடல். பதில்கள் எல்லாம் அடுக்கி ஒரே வரியாகத் தெரிகின்றன. இந்த வித்தியாசத்தில்தான் நான் அன்று வழுக்கினேன்.

முதலில் விளம்பரக் குப்பை

போனில் செய்ய முயலவில்லை. கணினியில், பிரவுசரில்தான் செய்தேன். குவியலில் பாதிக்கு மேல் `Promotions` பிரிவில் இருந்தது. அதற்கு அடுத்து `Social`. இந்த இரண்டிலும் இந்த வருடம், போன வருடம் என்ற பாகுபாடு தேவையில்லை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். ஆனாலும் ஜிமெயில் சில நேரம் நல்ல மெயிலையும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு குறி போடுமுன் ஒரு தேடல் போட்டேன்:

`category:promotions is:unread (bill OR invoice OR renewal)`

வந்ததில் பெரும்பாலும் கடைகளின் கூவல்தான். நடுவில் சித்தியின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் ஒன்று இருந்தது. காப்பீட்டை வேறு வழியில் புதுப்பித்துவிட்டார்கள், அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்ததும் சித்தப்பா நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு அழுத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்து `category:promotions is:unread` என்று தேடினேன். பட்டியலின் தலையில், இடது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தில் தெரியும் 50 வரிகளுக்கு மட்டும் டிக் விழும். நிறைய பேர் இங்கேயே ஏமாந்துபோவார்கள். எல்லாம் தேர்வாகிவிட்டது என்று நினைத்து மேலே போவார்கள், 50 மட்டும் மாறியிருக்கும், அப்புறம் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். டிக் விழுந்ததும் பட்டியலுக்கு மேலே `Select all conversations that match this search` என்று ஒரு வரி முளைக்கும். இரண்டாவதாக அதை அழுத்த வேண்டும். அப்போதுதான் திரைக்கு வெளியே இருப்பதும் தேர்வில் சேரும். பிறகு `Mark as read`. அது திறந்த கடித உறைபோல ஒரு படமாக மேலேயே இருக்கும், இல்லாவிட்டால் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். மொத்தமாகச் செய்கிறாய், நிச்சயம்தானா என்று ஒரு பெட்டி கேட்கும். அந்தப் பெட்டி வரவில்லையென்றால் இரண்டாவது அழுத்து விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

சரி என்று கொடுத்ததும் திரை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. சித்தி காபி கொண்டுவந்து வைத்தார். காபி முடிந்து பார்த்தால் வேலை முடிந்ததுபோல் இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன், இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் தடிமனாக நின்றது. இது பழுது அல்ல. பெரிய குவியலில் மொத்தக் கட்டளை பாதியில் நின்றுவிடுவது அடிக்கடி நடப்பதுதான். அதே தேடல், அதே இரண்டு அழுத்து, மறுபடி ஒரு தடவை. இந்தத் தடவை தீர்ந்தது. அப்படியும் நின்றால் தேடலோடு `before:2019/01/01` என்பதுபோல் ஒரு தேதியைச் சேர்த்து, வருட வருடமாக நறுக்கிச் செய்யலாம். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது நல்லது. நம் பழக்கத்தில் நாளை முதலில் எழுதினால் தேடல் நினைத்த இடத்தில் வெட்டாது.

`Social` ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

தேதி வைத்து வெட்டிய இடம்

மீதி இருந்தவைதான் சிக்கலானவை. சங்க மெயில், வங்கி மெயில், சொந்தக்காரர்கள், பழைய அலுவலக நண்பர்களின் குழு. இவற்றில் 2025 ஜனவரி 1க்கு முன் வந்தவை படித்ததாக வேண்டும், பின் வந்தவை அப்படியே இருக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, எண்ணிக்கை எடுத்தது. `in:inbox is:unread after:2025/01/01` என்று தேடினால், பொதுவாக மேலே `1–50 of many` என்றுதான் காட்டும், சரியான எண் தெரியாது. பக்கங்களைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனால் கடைசிப் பக்கத்தில் உண்மையான எண் தெரிந்துவிடும். 212 இருந்தது. ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது, லேபிள் ஒட்டியது. படித்ததாகக் குறி போட்டபின், எது முன்பு படிக்காமல் இருந்தது என்று ஜிமெயிலிடம் கேட்க முடியாது. கொடி நட்டாச்சு என்றால் பழைய நிலையின் தடயமே இருக்காது. குறி போட்ட கையோடு திரையின் கீழே `Undo` வந்தாலும், ஆயிரக்கணக்கில் செய்யும்போது அதை நம்பி நான் இறங்குவதில்லை. அதனால் முதலில் `in:inbox is:unread before:2025/01/01` என்று தேடி, எல்லாவற்றையும் தேர்ந்து, `old-unread` என்று புதிதாக ஒரு லேபிளை ஒட்டினேன். பிறகு `label:old-unread is:unread` என்று தேடி, மறுபடி எல்லாவற்றையும் தேர்ந்து, `Mark as read` கொடுத்தேன். ஏதாவது தப்பாகப் போனால் லேபிளைத் திறந்து திரும்பப் போகலாம் என்பது கணக்கு.

முடிந்ததும் 2025க்கான தேடலை மறுபடி போட்டு எண்ணினேன். 212 இருக்க வேண்டிய இடத்தில் 191 இருந்தது.

"என்னப்பா, 21 எங்க போச்சு?" என்றார் சித்தப்பா. சங்கக் கணக்கு பார்த்துப் பழகிய கண், என்னைவிட முந்திக்கொண்டது.

21 எங்கே போயிற்று

தேடல் சரியாகத்தான் வேலை செய்திருந்தது. 2025க்கு முன் வந்து, படிக்காமல் இருந்த மெயில்களைத்தான் அது தேடியது. ஆனால் அப்படி ஒரு மெயில் எந்த உரையாடலுக்குள் இருக்கிறதோ, அந்த உரையாடல் முழுவதையும் ஒரே வரியாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. நான் டிக் போட்டது அந்த வரிக்கு. லேபிள் விழுந்தது அந்த வரிக்குள் இருந்த எல்லா மெயிலுக்கும். கொடியும் அப்படியே.

நடந்ததை ஒரு உரையாடலை வைத்தே காட்டலாம். சங்கத்தின் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி 2021ல் ஒரு மெயில் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடியும்போது புது மெயில் எழுதாமல், பழையதற்கே பதில் போட்டு, அதே தலைப்பில் பேச்சைத் தொடர்ந்திருக்கிறார்கள். தலைப்பு மாறாமல் பதில் மேல் பதிலாகப் போனால் ஜிமெயில் நூறு மெயில் வரை ஒரே உரையாடலாக வைத்துக்கொள்ளும். 2022ல் பொருளாளர் அதில் "நன்றி" என்று ஒரு வரி போட்டிருக்கிறார், சித்தப்பா அதைத் திறக்கவே இல்லை. 2025 மே மாதம் பராமரிப்பாளர் புதுக் கட்டண விவரத்தை அதிலேயே அனுப்பியிருக்கிறார், அதையும் இவர் திறக்கவில்லை. என் தேடலில் சிக்கியது மூன்று வருடம் பழைய அந்த "நன்றி". படித்ததாக மாறிப்போனது மே மாதக் கட்டண விவரமும் சேர்த்து.

பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் படிக்காமல் கிடந்த உரையாடல்கள்தான் அந்த 21. மற்ற உரையாடல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. எண்ணிக்கையைக் குறித்துவைக்காமல் போயிருந்தால், எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டு நான் ஊருக்குக் கிளம்பியிருப்பேன். லிஃப்ட்காரர் ஒருநாள் போன் செய்யும்போதுதான் தெரிந்திருக்கும். ஆடிட்டர் கதை மறுபடியும்.

மீட்பதற்கு லேபிள் உதவியது, ஆனால் நான் நினைத்த அளவுக்கு உதவவில்லை. லேபிளும் உரையாடல் முழுவதற்கும் விழுந்திருந்ததால், எந்தத் தனி மெயில் படிக்காமல் இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. `label:old-unread after:2025/01/01` என்று தேடினேன். பழைய படிக்காத மெயிலும் இந்த வருட மெயிலும் சேர்ந்திருக்கும் உரையாடல்கள் 34 வந்தன. இதில் 21 நாம் தேடுவது. மீதி 13ல் இந்த வருட மெயிலை சித்தப்பா ஏற்கெனவே படித்திருக்கிறார். எது எது என்று சொல்ல அவரால் மட்டும்தான் முடியும். இருவரும் உட்கார்ந்து 34ஐயும் பார்த்தோம். "இது தெரியும், இது தெரியும், இது... இல்லை, இதைப் பார்க்கல" என்று அவர் சொல்லச் சொல்ல, பார்க்காததை நான் `Mark as unread` போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. லேபிள் இல்லாவிட்டால் இந்த வருடத்து மெயில் அத்தனையையும் இப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

எப்படிச் செய்திருக்க வேண்டும்

ஜிமெயிலின் அமைப்புகளில் `General` பக்கத்தில் `Conversation View` என்று ஒன்று இருக்கிறது. அதை `Conversation view off` என்று மாற்றி, பக்கத்தின் அடியில் `Save Changes` கொடுத்துவிட்டால், ஒவ்வொரு மெயிலும் தனி வரியாகத் தெரியும். அந்த நிலையில் தேடினால் 2022ன் "நன்றி" தனி வரியாக வரும், 2025ன் கட்டண விவரம் தேடலிலேயே வராது. லேபிளும் தனி மெயிலுக்கே விழும், கொடியும் தனி மெயிலுக்கே விழும். திரும்பப் போக வேண்டுமென்றாலும் லேபிள் உள்ளதை எல்லாம் அப்படியே படிக்காததாக மாற்றினால் போதும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அமைப்பைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம், எதுவும் கெடாது. பட்டியல் நீளமாகும் என்பது ஒன்றுதான் இதன் தொந்தரவு, அதுவும் அரை மணி நேரத்துக்கு.

இதை நான் பிறகு கண்டுபிடிக்கவில்லை. முன்பே தெரியும். விளம்பரக் குவியல் சுலபமாக முடிந்துவிட்டதே என்ற தைரியத்தில் விட்டுவிட்டேன். விளம்பர மெயிலுக்கு யாரும் பதில் போடுவதில்லை, அங்கே பெரும்பாலும் உரையாடல் உருவாகாது. அதனால் அந்த வெற்றி, அடுத்த குவியலைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருளைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே வராது. அது மெயிலைத் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது. அதன் `Message` மெனுவில் `Mark` என்பதற்குள் `As Read by Date` என்று ஒரு வசதி இருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கொடுத்தால் அந்த இடைவெளிக்கு மட்டும் கொடி நட்டுவிடும். சித்தப்பாவின் கணினியில் அது இல்லை. இந்த ஒரு வேலைக்காக அதை நிறுவி, இத்தனை வருட மெயிலின் பட்டியலும் இறங்கும்வரை உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, இது சித்தப்பாவுக்குத் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் அவுட்லுக் வைத்திருப்பவர்கள் இதே வேலையைச் செய்யும்போது, படித்ததற்கான ரசீது கேட்டு வந்த பழைய மெயில்களைக் கவனிக்க வேண்டும். திறக்காமல் படித்ததாகக் குறித்தாலும் அங்கே ரசீது கிளம்பிப் போகக்கூடும். மூன்று வருடம் முன்பு அனுப்பிய சுற்றறிக்கையை இன்றுதான் படித்தார் என்று மேலதிகாரிக்குத் தகவல் போனால் நன்றாகவா இருக்கும்? ரசீது அனுப்பாதே என்று அமைப்பில் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் குறி போடுவது நல்லது.

இடம் குறையவில்லை, எண்ணும் பொருந்தவில்லை

அன்று மாலை சித்தப்பா இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது: "இப்ப இடம் எவ்வளவு காலியாச்சு?" ஒன்றும் ஆகவில்லை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் மெயில் பிடித்திருந்த இடம் ஒரு துளிகூடக் குறையவில்லை, கொடி நட்டதால் மெயில் எங்கும் போகாது. இடம் வேண்டுமென்றால் அழிக்கத்தான் வேண்டும், அதற்கு அவருடைய அனுமதி இல்லை.

இரண்டாவது கேள்வி எண்ணைப் பற்றியது. கணினியில் 212 என்று நிற்கிறது, போனில் சிவப்பு வட்டம் 307 காட்டுகிறது, எது நிஜம்? இரண்டும் நிஜம். கணினியில் ஜிமெயில் உரையாடல்களை எண்ணுகிறது. அவர் போனில் இருப்பது ஜிமெயில் ஆப் அல்ல, போன் வாங்கும்போதே கூட வந்த மெயில் ஆப். அது மெயில் மெயிலாக எண்ணுகிறது. படிக்காத நான்கு மெயில் இருக்கும் ஓர் உரையாடல் இங்கே ஒன்று, அங்கே நான்கு. "சரி, நான் எல்லாத்தையும் படிச்சு முடிச்சா ரெண்டுலயும் பூஜ்யம் வரும்ல?" என்றார். வரும் என்றேன்.

வரவில்லை. ஒரு வாரம் கழித்து போன் செய்தார். இந்த வருடத்து மெயிலைத் தினமும் காலையில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டாராம், கணினியில் ஒன்றுமே தடிமனாக இல்லையாம். "போன்ல மட்டும் 46 அப்படியே நிக்குது தம்பி. அசைய மாட்டேங்குது."

அசையாத எண் என்றால் இரண்டில் ஒன்று. ஆப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு சர்வரோடு ஒத்துப்பார்க்காமல் இருக்கலாம், அல்லது அந்த எண் வேறு எங்கிருந்தோ வரலாம். முதலாவது என்றால் போனை அணைத்துப் போட்டு, மெயில் பட்டியலைக் கீழே இழுத்துப் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை. ஆப்பில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஜிமெயிலுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. வருடங்களுக்கு முன் பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியபோது அந்த நிறுவனமே கொடுத்த முகவரி. அதை அவர் மறந்தே போயிருந்தார். மாதாமாதம் பில் மட்டும் அதில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

சரி, கணினியில் அந்த முகவரியின் வலைத்தளத்துக்குப் போய்ப் படித்ததாகக் குறி போட்டால் போயிற்று என்று நினைத்தோம். போட்டார். அங்கே எல்லாம் மெலிந்தது, போனில் 46 அப்படியே நின்றது. அமைப்பைத் திறந்து படித்துக் காட்டச் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. அந்தக் கணக்கு `POP3` முறையில் போடப்பட்டிருந்தது. மேலே சொன்னேனே, `\Seen` என்ற கொடி, அது ஐமேப்பில்தான் உண்டு. பாப் முறையில் போனுக்கும் சர்வருக்கும் இடையே அப்படி ஒரு பேச்சே கிடையாது. மெயிலைக் கொடு என்று போன் கேட்கும், சர்வர் கொடுக்கும், தேவையானால் அழி என்று போன் சொல்லும், அதோடு முடிந்தது. படித்தாயிற்றா என்ற குறிப்பு அந்தப் போனுக்குள்ளேயே கிடக்கும். அங்கே மாற்றினால் இங்கே மாறாது.

அதனால் அந்த 46ஐப் போனிலேயே தீர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத் திறந்து, ஒரு மெயிலை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்து, படித்ததாகக் குறிக்கச் சொன்னேன். வட்டம் மறைந்தது. புதுப் போன் வாங்கி அந்தக் கணக்கை மறுபடி போட்டால், சர்வரில் மிச்சம் இருப்பதெல்லாம் புதிதாக இறங்கி, மறுபடி படிக்காததாக நிற்கும் என்பதையும் சொல்லிவைத்தேன். "அப்ப பில்லுக்கு ஜிமெயில் முகவரியைக் கொடுத்துட வேண்டியதுதான்" என்றார், கொடுத்தும் விட்டார்.

விளம்பரம் மறுபடி குவியாமலிருக்க, அதிகம் அனுப்பும் ஐந்தாறு கடைகளுக்கு மட்டும் ஜிமெயிலில் வடிகட்டி போட்டேன். `from:` போட்டு அனுப்புபவரின் முகவரியைத் தேடி, தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள படத்தை அழுத்தி, `Create filter` கொடுத்து, `Mark as read` என்பதற்கு நேரே டிக். வருவதெல்லாம் வரும்போதே கொடியோடு வந்து விழும். வங்கி மெயிலுக்கும் அப்படிப் போட்டுவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

`old-unread` லேபிளை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிடலாம், லேபிளை அழித்தால் மெயில் அழியாது என்று சொல்லியிருந்தேன். போன வாரம் அவர் கணினியைப் பார்த்தேன். இன்னும் இடது ஓரத்தில் இருக்கிறது. சாயங்காலம் பொழுதுபோகாதபோது அதைத் திறந்து, பழைய சங்கச் சண்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறாராம்.